அறிவினாவும் இக்கட்டு அட்டையும்: சாயாத வினாக்களை அமைத்தல்

வினாவை ஆறு வகையாகப் பிரித்துச் சொல்லும் நன்னூல். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. இவற்றுள் முதலாவதான அறிவினா, கேட்பவர் விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டே கேட்பது. இதற்கு இலக்கண ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணமே வகுப்பறைதான்: ஆசிரியர் மாணவனைப் பார்த்து "இச்செய்யுளின் பொருள் யாது?" என்று கேட்பது. ஆசிரியத் தொழில் பெரும்பாலும் அறிவினாவிலேயே நடக்கின்றது. அதில் பிழையில்லை. செய்யுளின் பொருளும், நீரின் கொதிநிலையும், மாகாணங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான் கேட்கப்பட வேண்டும்.

இந்தப் பழக்கம் விழுமியம் சார்ந்த பாடங்களுக்குள் நுழையும்போதுதான் சிக்கல் ஏற்படுகின்றது. குடியுரிமைக் கல்வியிலோ, தமிழ்ப் பாடத்தின் கதை விளக்கத்திலோ "இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று ஆசிரியர் கேட்கிறார். மாணவர் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள், வினாவின் சொற்களை மோப்பம் பிடிக்கிறார்கள், எதிர்பார்க்கப்படும் விடையைச் சொல்லிவிட்டு அமர்கிறார்கள். நாற்பது பேரும் நேர்மையின் பக்கம். இடைவேளைக்கு மணி அடித்ததும் வேறு கதை. பாடசாலைக்கென்று ஒரு விடையும் வீதிக்கென்று ஒரு விடையும் வைத்துக்கொள்ள இப்படித்தான் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள்.

இதற்கு மாற்றாகப் பல நாடுகளில் பயன்படுவது, நான் இங்கு 'இக்கட்டு அட்டை' என்று அழைக்கும் சிறு சாதனம். இரண்டு நல்ல கடமைகள் ஒன்றோடொன்று மோதும் ஒரு நிலைமையை அரைப்பக்கத்தில் சொல்லி, அதன் கீழே சில வினாக்களைத் தரும் அட்டை அது. செய்வதற்குச் செலவில்லை. ஆனால் அதன் சொற்கள் மாணவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடாமல் எழுதுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழில் எழுதும்போது அந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஹைன்ஸும் மருந்துக் கடைக்காரரும்

இந்த வகை அட்டைகளுக்கு மூத்தது ஹைன்ஸ் கதை. அமெரிக்க உளவியலாளர் லோரன்ஸ் கோல்பேர்க், 1958இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து தொடங்கி இத்தகைய கதைகளைப் பயன்படுத்தினார். ஹைன்ஸின் மனைவி புற்றுநோயால் சாகக் கிடக்கிறாள். மருந்து ஒரே ஒரு கடைக்காரரிடம் உண்டு. 200 டொலர் அடக்கமான மருந்துக்கு அவர் 2,000 டொலர் கேட்கிறார். ஹைன்ஸ் தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் கேட்டு 1,000 டொலர்தான் சேர்க்கிறான். குறைத்துத் தரவும் கடைக்காரர் மறுக்கிறார், பிறகு வாங்கிக்கொள்ளவும் மறுக்கிறார். ஹைன்ஸ் கடையை உடைத்து மருந்தை எடுக்கிறான். அவன் அப்படிச் செய்திருக்க வேண்டுமா? ஏன்?

அட்டை எழுதுபவருக்கு இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் உண்டு. தப்பும் வழிகள் அடைக்கப்பட்டிருப்பது முதலாவது. "கடன் வாங்கலாமே", "தவணை முறையில் கொடுக்கலாமே" என்று வாசகர் சொல்லக்கூடியவற்றுக்குக் கதையே முன்கூட்டி விடை சொல்லிவிடுகின்றது. இரண்டாவது, பின்பற்றக் கூடாத ஒன்று. பத்து மடங்கு விலை என்ற விபரம் கடைக்காரர்மேல் வெறுப்பை மூட்டி, ஹைன்ஸ் பக்கம் வாசகரைச் சாய்த்துவிடுகின்றது. கோல்பேர்க் தேடியது மாணவர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை அல்ல, என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதை. ஆகவே அவருக்கு இந்தச் சாய்வு பெரிதாகத் தடையாகவில்லை. ஒரு வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்து உரையாட விடும் ஆசிரியருக்கோ அது தடைதான். ஓர் அணியில் முப்பத்தைந்து பேரும் மற்றதில் மூன்று பேரும் நின்றால் அந்த மூவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வகுப்பறைக்கென்றே இதைத் திருத்தியமைத்தவர் ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லின்ட். அவருடைய முறையில் கதைமாந்தன் ஏற்கெனவே ஒரு முடிவை எடுத்துவிட்டான். அந்த முடிவு சரியா, பிழையா என்பதே வினா. "நீ என்ன செய்வாய்?" என்று கேட்டால் மாணவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்து இக்கட்டிலிருந்து நழுவிவிடுவர். நடந்து முடிந்ததைப் பற்றிக் கேட்டால் நழுவ இடமில்லை. நிறுத்துப் பார்த்தேயாக வேண்டும்.

ஓர் அட்டை, இரண்டு வடிவம்

இனி ஓர் அட்டையை எடுத்துச் சொல் சொல்லாகப் பார்ப்போம். நமது சூழலில் எல்லோருக்கும் விளங்கும் மோதல் ஒன்று: அமானிதமாகக் கையில் இருக்கும் காசும், ஆபத்தில் இருக்கும் நண்பனும். வழக்கமாக எழுதப்படும் வடிவம் இப்படி இருக்கும்:

"ரிகாஸ் வகுப்புச் சுற்றுலாக் காசைச் சேர்த்து வைத்திருந்தான். ஒருநாள் அவனது நண்பன் அப்ஹாம் வந்து, உம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லி 8,000 ரூபா கேட்டான். அது மற்றவர்களின் காசு அல்லவா? ஆனாலும் ரிகாஸ் யாரிடமும் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டான். வினாக்கள்: 1. அமானிதக் காசை இப்படிக் கொடுத்தது சரியா? 2. ரிகாஸ் உண்மையில் என்ன செய்திருக்க வேண்டும்? 3. இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது?"

மேலோட்டமாகப் பார்த்தால் குற்றமில்லாத அட்டைதான். உள்ளே பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஒரே பக்கமாகத் தள்ளுகின்றது. "சுகமில்லை என்று சொல்லி" என்பதில் அது உண்மையோ பொய்யோ என்ற ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. "அல்லவா" ஆம் என்ற விடையைத் தானே எழுதிவிடுகின்றது. "கேட்காமலே" என்பதிலுள்ள தேற்ற ஏகாரம் ஒரு குற்றச்சாட்டு. "கொடுத்துவிட்டான்" என்பதிலுள்ள 'விடு' என்ற துணைவினை, நடக்கக் கூடாதது நடந்தது போன்ற தொனியைத் தருகின்றது. இதே செயலைக் "கொடுத்து உதவினான்" என்று எழுதினால் சாய்வு மறுபக்கம் போய்விடும். "கொடுத்தான்" என்ற வெறும் வினைமுற்று மட்டுமே நடுவில் நிற்கின்றது.

தமிழில் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். ஏ, தான், கூட, ஆவது போன்ற சிறு சொற்களும் இடைச்சொற்களும் நமது மொழியில் தீர்ப்பைச் சுமந்து திரிகின்றன. "ஆசிரியரிடமாவது கேட்டானா?" என்பதில் வரும் 'ஆவது', குறைந்தபட்சம் செய்ய வேண்டியதைக்கூட அவன் செய்யவில்லை என்கின்றது. வினைமுற்றின் விகுதியும் அப்படியே. ஒரே அட்டையில் ஒருவருக்கு 'சொன்னார்' என்றும் அதே வயதுள்ள இன்னொருவருக்கு 'சொன்னான்' என்றும் எழுதினால், யார் மரியாதைக்குரியவர் என்பதைக் கதை தொடங்கும்போதே பிள்ளை அறிந்துகொள்ளும்.

வினாக்களுக்கு வருவோம். முதலாவது வினா இரண்டு கடமைகளுள் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி அழைக்கின்றது. அமானிதம் என்ற சொல்லின் கனத்துக்கு முன்னால் பெயரில்லாத மற்றக் கடமை நிற்காது. இரண்டாவது, ரிகாஸ் செய்தது பிழை என்று முடிவு கட்டிவிட்டுத் தொடங்குகின்றது. மூன்றாவதில் படிப்பினை ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஆசிரியரிடம் இருக்கின்றது. மூன்றுமே வேடம் போட்ட அறிவினாக்கள்.

அதே நிலைமையின் திருத்திய வடிவம் இது:

"ரிகாஸ் தரம் 11 மாணவன். வகுப்புச் சுற்றுலாவுக்காக 38 பேரிடம் தலா 1,500 ரூபா வீதம் சேர்த்த 57,000 ரூபா அவனது வீட்டில் இருக்கின்றது. திங்கட்கிழமை காலையில் பஸ் உரிமையாளரிடம் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு அவனது வகுப்பு நண்பன் அப்ஹாம் வருகிறான். அப்ஹாமின் உம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். டொக்டர் எழுதிய மருந்து அங்கு கையிருப்பில் இல்லை. வெளியே பாமசியில் அதன் விலை 12,000 ரூபா. இரவே தேவைப்படுகின்றது. பாமசி 10 மணிக்கு மூடப்படும். அப்ஹாம் அயலவர்களிடம் கேட்டு 4,000 ரூபா சேர்த்திருக்கிறான். வெளிநாட்டிலிருக்கும் வாப்பா ஞாயிற்றுக்கிழமைக்குள் காசு அனுப்பப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ரிகாஸின் வீட்டாரிடம் அவ்வளவு காசு இல்லை. ரிகாஸ் வகுப்பாசிரியருக்கு இரண்டு முறை போன் எடுக்கிறான். பதில் இல்லை. சுற்றுலாக் காசிலிருந்து 8,000 ரூபாவை எடுத்து அப்ஹாமிடம் கொடுக்கிறான்."

இதில் தப்பும் வழிகள் எவ்வாறு அடைக்கப்பட்டுள்ளன என்பதைக் கவனியுங்கள். தேவையை 'வேன் வாடகை' என்று எழுதியிருந்தால் முன்வரிசைப் பிள்ளை ஒன்று உடனே கை தூக்கும்: "1990க்கு அடிச்சா அம்பியூலன்ஸ் ச்சும்மா வருமே சேர்!" அத்தோடு இக்கட்டு கலைந்துபோகும். சிகிச்சைக் கட்டணம் என்று எழுதினால், அரச ஆஸ்பத்திரியில் அது இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்குவது நம்மில் பலரும் கண்ட உண்மை. அதற்கு மறுப்பில்லை. அட்டை உள்ளூர் நடைமுறைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். எல்லாக் கதவையும் பூட்டத் தேவையில்லை. நான்கு கதவுகளைப் பூட்டினால் போதும். அதற்கு மேலும் பூட்டினால் கதை சினிமாபோல ஆகி, பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஒரு கதவு வேண்டுமென்றே பாதி திறந்திருக்கின்றது. வாப்பா காசு அனுப்பப் 'பார்ப்பதாக'ச் சொல்லியிருக்கிறார். நிச்சயமாக அனுப்புவார் என்று எழுதினால் முழு வகுப்பும் ரிகாஸின் பக்கம் போய்விடும். அனுப்ப வழியில்லை என்று எழுதினால் அப்படியே மறுபக்கம் திரும்பிவிடும். தராசின் முள் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கின்றது.

திறந்த வினா வேறு, சாயாத வினா வேறு

இவ்விரண்டையும் ஒன்றென்று கருதுவது பொதுவான மயக்கம். "ரிகாஸ் செய்தது சரியா, பிழையா?" என்பது மூடிய வினா. ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அது எந்தப் பக்கமும் சாயவில்லை. "ரிகாஸ் தனது நம்பிக்கைத் துரோகத்தை எவ்வாறு தவிர்த்திருக்கலாம்?" என்பது திறந்த வினா. பத்து வரியில் விடை எழுதலாம். ஆனால் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. ஆகவே 'ஏன்', 'எவ்வாறு' என்று தொடங்கினாலே நல்ல வினா என்று எண்ணிவிடக் கூடாது. சாயாத ஒரு மூடிய வினாவை வாக்கெடுப்புக்கு வைத்து, அதன் பின்னால் சாயாத திறந்த வினாக்கள் மூன்று நான்கை வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மேற்படி அட்டையின் பின்புறத்தில் இப்படி எழுதலாம்:

ரிகாஸ் செய்தது சரியா, பிழையா?
காசைக் கொடுப்பதற்கு முன்னர் ரிகாஸின் மனதில் என்னென்ன வந்து போயிருக்கும்?
உங்கள் முடிவுக்கு மிக வலுவான காரணம் எது?
மற்றப் பக்கத்தார் சொன்னவற்றுள் உங்களை யோசிக்க வைத்தது எது?
கதையில் எந்த விபரம் மாறினால் உங்கள் முடிவும் மாறும்?

ஒரு வினா சாய்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சரி என்பவர் ஒருவரையும் பிழை என்பவர் ஒருவரையும் மனதில் நிறுத்தி, இருவரிடமும் அதே வினாவைக் கேட்டுப் பாருங்கள். இருவரும் நேராக விடை சொல்லத் தொடங்க முடிந்தால் வினா நடுவில் நிற்கின்றது. ஒருவர் நேராக விடை சொல்ல, மற்றவர் "இல்லை, முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்" என்று வினாவோடேயே சண்டை பிடிக்க வேண்டியிருந்தால் அது சாய்ந்த வினா. 'நம்பிக்கைத் துரோகம்' வினாவில் ரிகாஸின் பக்கம் நிற்பவரின் நிலை இதுதான். கடைசி வினா இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். இரு பக்கத்தாரிடமும் அது ஒரே அளவு நேர்மையைக் கேட்கின்றது.

அட்டையை வகுப்புக்குக் கொண்டு செல்ல முன்னர் வேறு வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேரிடம் வாசிக்கக் கொடுத்து, தனித்தனியே வாக்கைக் கேளுங்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரே பக்கம் போனால் அட்டையைத் திருத்த வேண்டும். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு விபரத்தை மட்டும் மாற்றுங்கள்: தொகை, காசு திரும்பி வரும் உறுதி, யாருடைய காசு என்பது. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது முள்ளை அசைத்தது என்று தெரியாது.

வகுப்பில் நடப்பது

லின்டின் முறைக்கு 90 நிமிடம் வேண்டும். நமது ஒரு பாடவேளை அதற்குப் போதாது என்பதால் இரட்டைப் பாடவேளை ஒன்றை ஒதுக்குவது நல்லது. அமைதியாக வாசிக்கவும், கதையில் இக்கட்டு எங்கே இருக்கிறது என்று பேசவும் 15 நிமிடம். பின்னர் வாக்கெடுப்பு. கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தே கை எழும்பும். சிறு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். அதன் பின் ஒரே கருத்துள்ளவர்கள் மூவர் நால்வராகக் கூடிக் காரணங்களைத் திரட்ட 15 நிமிடம். அடுத்த அரைமணித்தியாலம் இரு பக்கத்தாரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவர்.

இந்த அரைமணித்தியாலத்துக்கு லின்ட் வைத்த விதிகள் இரண்டே இரண்டு. எதையும் சொல்லலாம், ஆனால் ஆளைப் புகழவோ இகழவோ கூடாது. பேசி முடித்தவரே எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்துப் பேசுபவரைத் தெரிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது விதி ஆசிரியரின் கையிலிருந்து பேச்சை எடுத்து மாணவரிடம் கொடுத்துவிடுகின்றது. ஆசிரியர் விதி மீறப்படும்போது மட்டும் குறுக்கிடலாம். இறுதியில், எதிர்ப்பக்கத்தார் சொன்னவற்றுள் சிறந்த காரணம் எது என்று ஒவ்வொருவரும் சொல்வர். பின்னர் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு.

அட்டையில் சாய்வை நீக்கிய ஆசிரியர் தன் முகத்தால் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஒரு பக்கத்தாரின் கருத்துக்கு "அருமை" என்றும், மற்றதுக்கு "ம்ம்... வேறு யாராவது?" என்றும் சொன்னால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். கரும்பலகையில் ஒரு பக்கத்தின் காரணங்களை முழு வாக்கியமாகவும் மற்றதை ஒற்றைச் சொல்லாகவும் எழுதுவதும் அதே வேலையைச் செய்யும். "நீங்க என்ன சொல்றீங்க சேர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "என்ட கருத்தை இண்டைக்குச் சொல்ல மாட்டன்" என்று வெளிப்படையாகச் சொல்வதே மேல். கருத்தே இல்லாதவர் போல நடித்தால் நம்ப மாட்டார்கள்.

உரையாடல் நன்றாக நடக்கிறதா என்று அறியவும் நன்னூல் உதவும். விடையை அது எட்டாகப் பிரிக்கின்றது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி ஆகிய ஐந்தும் சுற்றி வருபவை. வகுப்பில் நேரும் மறையும் மட்டுமே கேட்டால், அதாவது "சரிதான்", "பிழைதான்" என்பதோடு பேச்சு நின்றால், அட்டை வேலை செய்யவில்லை. "திங்கள் காசு வராட்டி 38 பேருக்கும் ரிகாஸ் என்ன சொல்ற?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது உறுவதைக் காணும் விடை. "அது உன்ட உம்மாவா இருந்தா?" என்பது வினாவெதிர் வினா. "எங்கட வீட்டிலயும் ஒருக்கா இப்படி மருந்துக்கு அலைஞ்சம்" என்பது உற்றதுரைத்தல். இந்தக் கடைசி வகை எழுந்தால் அந்தப் பிள்ளையைத் தோண்டிக் கேட்காதீர்கள். சொன்ன அளவு போதும்.

எதை அட்டையாக்கக் கூடாது?

எல்லா விடயத்துக்கும் இந்த முறை பொருந்தாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதை அறிந்த தோழி அதை மறைக்கலாமா என்பது அட்டைக்குரிய வினா அல்ல. பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் சொல்லியேயாக வேண்டும். அங்கு இரு பக்கம் இருப்பதாகக் காட்டுவதே பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அதே வகுப்பிலோ ஊரிலோ நடந்த சம்பவத்தைப் பெயர் மாற்றி எழுதுவதும் கூடாது. பெயர் மாறினாலும் யாரென்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேச்சு கதையைப் பற்றி இராது.

மார்க்கச் சட்டம் பற்றிய கேள்வி எழும்போது வரம்பைச் சொல்லிவிடுவது நல்லது. "அமானிதக் காசில கை வைக்கிறது ஹராம், கதை முடிஞ்சுது" என்று ஒரு மாணவர் சொல்லக்கூடும். அவரை அடக்கவும் வேண்டாம், அட்டைக்காக மார்க்கத் தீர்ப்பு வழங்கவும் வேண்டாம். அது இஸ்லாம் பாட ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று குறித்துக்கொண்டு, "ரிகாஸுக்கும் அது தெரியும் எண்டு வைப்பம். அப்ப அவன் எதைத் தராசில போட்டிருப்பான்?" என்று பேச்சைத் தொடரலாம். மார்க்கம் தெளிவாக முடிவு சொன்ன ஒன்றை வாக்கெடுப்புக்கு விடுவதல்ல இதன் நோக்கம். அமானிதத்தையும் ஆபத்துக்கு உதவுவதையும் கடமையென்றே ஏற்ற ஒரு பிள்ளை, இரண்டும் ஒரே இரவில் வாசலில் வந்து நிற்கும்போது எப்படி யோசிக்கிறது என்பதைக் கேட்பதே நோக்கம்.

கடைசியாகப் புள்ளியிடல். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்காக இதற்குப் புள்ளி வழங்க நேர்ந்தால், எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு புள்ளியும் இல்லை என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். தன் முடிவுக்குச் சொன்ன காரணங்களுக்கு ஒரு பங்கு, எதிர்க் காரணம் ஒன்றை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொன்னதற்கு ஒரு பங்கு, முடிவை மாற்றக்கூடிய விபரத்தைக் கண்டதற்கு ஒரு பங்கு. இரண்டாவது பங்கே கடினமானது. ரிகாஸ் செய்தது பிழை என்று உறுதியாக நிற்கும் மாணவி, ரிகாஸின் பக்கம் நிற்பவரே "ஓம், நான் சொன்னது அதுதான்" என்று ஏற்கும்படி அவரது காரணத்தை எழுதிக் காட்ட முடிந்தால் அந்தப் பங்கை முழுமையாகக் கொடுக்கலாம்.